இராகு காலமும் சைவர் கடனும்

வேலூரினின்று ஆரணிக்குச் செல்லும் வழியில் உள்ள கண்ணமங்கலம், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தைச் சார்ந்த ஊர். ஆங்குத் தறிகொண்டு வாழ்வார்க்குப் புதிய பாவினைத் தறியில் ஏற்றுதல் ஒரு மங்கல வினையாம். அவ்வினையைத் தொடங்குமுன் சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளினை நோக்கி, அன்றைய இராகு காலம், எமகண்டம், குளிகை என்பவற்றை விலக்கி நேரம் குறித்துக் கொள்ளுதல் பலர்க்கு வழக்கம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பாவு ஆயத்தமாகிவிடின், 4½ மணி வரையில் தறியும் வாளா கிடக்கும். பாவு பிணைக்க வந்த தொழிலாளியும் வாளா அமர்ந்திருப்பர். ஒன்றரை மணி நேரக் கூலி அவர்க்குச் சிறிதன்று.

இங்ஙனம் காத்திருத்தல் சைவ சமயத்தார் தவிராது செய்ய வேண்டிய கடனா, அன்றி உலக வழக்கு மாத்திரமா என்பது ஆராயத் தக்கது. அதனை ஆராயுமுன், இக்காலங்கள் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்பதனை அறிதல் வேண்டும். கணக்கினை அறியாது அஞ்சுதலும், அறியாது இகழ்தலும் ஒரு தன்மையனவேயாம்.

ஞாயிறு தோன்றுதல் முதல் மறைதல் வரையுள்ள பொழுது பகல் எனப்படும். பகலும் இரவும் ஒத்த நாளில் அது 30 நாழிகை. அப்பகலை எட்டுக் கூறாக்கின், ஒவ்வொரு கூறும் 3¾ நாழிகை, அஃதாவது ஒன்றரை மணி நேரம் ஆகும். இவ்வெட்டுக் கூறுகளே இக்கணக்கிற்கெல்லாம் அடிப்படை.

இவற்றுள் எமகண்டமும் குளிகையும் ஓர் ஒழுங்கின் வழிப்பட்டவை. எந்தக் கிழமையாயினும் அதன் முதற் கூறு அக்கிழமைக்குரிய கோளுக்கு உரியது. அடுத்த கூறு அடுத்த கிழமைக் கோளுக்கு உரியது. இவ்வாறே முறையாக எண்ணிச் செல்ல வேண்டும். வியாழனுக்குரிய கூறு எமகண்டம். சனிக்குரிய கூறு குளிகை. செவ்வாய்க்கிழமையை எடுத்துக் கொள்க. முதற் கூறு செவ்வாய், இரண்டாவது புதன், மூன்றாவது வியாழன். ஆகவே மூன்றாங் கூறாகிய 9 மணி முதல் 10½ வரை எமகண்டம். நான்காவது வெள்ளி, ஐந்தாவது சனி. ஆகவே 12 மணி முதல் 1½ வரை குளிகை. எந்தக் கிழமைக்கும் இவ்வாறே எண்ணிக் காணலாம். எட்டாவது கூறு கோள் எதற்கும் உரியதன்றி நிற்கும்.

இராகு காலத்துக்கு இவ்வொழுங்கு இல்லை. திங்கட்கு இரண்டாங் கூறு, சனிக்கு மூன்று, வெள்ளிக்கு நான்கு, புதனுக்கு ஐந்து, வியாழனுக்கு ஆறு, செவ்வாய்க்கு ஏழு, ஞாயிற்றுக்கு எட்டு என நெட்டுருச் செய்து கொள்வதன்றிக் கிழமைக் கோள்களின் வரிசையால் இதனைப் பெறுதல் இயலாது. இதனாலேயே கிழமைகளின் முதலெழுத்துக்களைக் கோத்த நினைவுத் தொடர் ஒன்று மக்களிடை வழங்குகின்றது.

இவ்வளவும் கணக்கு. இனி, வழக்கில் நேரும் பிழையைக் காண்க. நாட்காட்டித் தாளில் அச்சிடப்படும் 7½ – 9, 3 – 4½ என்னும் நேரங்கள், ஞாயிறு நாடோறும் சரியாக 6 மணிக்குத் தோன்றி 6 மணிக்கு மறைவதாகக் கொண்டு எழுதப்பட்டவை. ஞாயிறோ அவ்வாறு தோன்றுவதில்லை.

இப்பொழுது நாடெங்கும் வழங்கும் கடிகார நேரம் 1906-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அது கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டைப் பற்றியது. கண்ணமங்கலமோ அதற்கு மேற்கே 3 பாகைக்குச் சற்று மிகுந்த தொலைவில், ஏறத்தாழ 79 பாகை 9 கலையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாகக் கணக்கிடின், கடிகாரம் 12 அடித்துச் சராசரியில் 13 நிமிடம் கழிந்த பின்னரே அவ்வூரில் உச்சிப்பொழுது ஆகும். அதற்கு முன் வழங்கிய சென்னை நேரத்தின்படி இவ்வேறுபாடு ஏறக்குறைய 4 நிமிடமே. கடிகாரத்தை ஒன்பது நிமிடம் முன்தள்ளிய அந்நாளில் ஞாயிறு தன் செலவை மாற்றிக் கொள்ளவில்லை. ஆயினும் தாளில் உள்ள எண்ணையே பற்றி நிற்பார்க்கு இராகு காலம் ஒன்பது நிமிடம் பெயர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை கடிகாரம் பின்னும் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அக்காலத்துப் பழைய எண்ணையே பற்றியிருந்தவர், உண்மைக் காலத்தினின்று ஒரு மணிக்கு மேல் விலகி நின்றாராவர்.

இனி ஒரு நாளை எடுத்து முற்றக் கணக்கிட்டுக் காண்க. வைகாசி மாதக் கடைசியில், ஜூன் 10-ஆம் நாளை ஒட்டி வரும் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கண்ணமங்கலத்தில் ஞாயிறு தோன்றுவது ஏறத்தாழக் காலை 5 மணி 47 நிமிடம். மறைவது மாலை 6 மணி 39 நிமிடம். பகல் 12 மணி 52 நிமிடம், அஃதாவது 772 நிமிடம். அதனை எட்டால் வகுக்க, ஒரு கூறு 96½ நிமிடமாகும். செவ்வாய்க்கு இராகு காலம் ஏழாங் கூறு. ஆதலின் அதற்கு முன் ஆறு கூறுகள் கழிதல் வேண்டும். ஆறு கூறுக்கு 579 நிமிடம், அஃதாவது 9 மணி 39 நிமிடம். அதனைத் தோற்ற நேரத்தோடு கூட்ட, பிற்பகல் 3 மணி 26 நிமிடத்திற்கு இராகு காலம் தொடங்கி, 5 மணி 2 நிமிடத்திற்கு முடியும்.

இதன் பயனை நோக்குக. நாட்காட்டித் தாளை நம்பி 3 மணிக்குத் தொழிலை நிறுத்திய நெசவாளர், 26 நிமிடம் இராகு காலம் அல்லாத பொழுதினை வீணே இழந்தார். பின்னர் 4½ மணி கழிந்ததென்று மகிழ்ந்து 4 மணி 35 நிமிடத்திற்குப் பாவினை ஏற்றினாராயின், அவர் அஞ்சிய அக்காலத்தினுள்ளேயே தொடங்கினாராவர். அஃது முடிய இன்னும் ஏறக்குறைய அரை மணி உண்டு. தை மாதத்து முதற் கிழமையில் பிழை இதனிற் சிறிது: பகல் குறுகி ஒரு கூறு 86 நிமிடமாக, தோற்றம் 6 மணி 40 நிமிடமாக, இராகு காலம் 3 மணி 16 நிமிடம் முதல் 4 மணி 42 நிமிடம் வரை நிற்கும். அப்பொழுதும் தாளின் எண் பொருந்துவதில்லை.

இதனைக் கருவி ஒன்றுமின்றி எவரும் சோதித்துக் கொள்ளலாம். வெள்ளிக்கிழமை இராகு காலம் நான்காங் கூறு; அது முடியுமிடம் பகலின் சரிபாதி. முற்றத்தில் ஒரு கோலினைச் செங்குத்தாக நாட்டி, அதன் நிழல் மிகக் குறுகும் கணத்தைக் குறித்துக் கொள்க. அக்கணமே வெள்ளிக்கிழமை இராகு காலம் முடியும் கணம். புதன்கிழமையாயின் அது தொடங்கும் கணம். கண்ணமங்கலத்தில் அது தை இறுதியில் கடிகாரத்தின்படி 12 மணி 28 நிமிடத்தை ஒட்டியும், ஐப்பசி நடுவில் 11 மணி 57 நிமிடத்தை ஒட்டியும் நிகழக் காணலாம். தாளோ ஆண்டு முழுதும் 12 மணி என்றே கூறும். நல்ல பஞ்சாங்கம் கணிப்போர் இவ்வேறுபாட்டினை அறிவர். தோற்ற நேரத்தினின்று கணக்கிடுக என்று அவர் கூறுவதும் உண்டு. பிழை சோதிட நூலின் மேலதன்று. நூலினை நோக்காது தாளினை நோக்குவார் மேலதே.

"இராகு காலத்திற் செய்த வினை கெட்டதனைக் கண்ணாற் கண்டோம்" என்பார்க்கு விடை இக்கணக்கினுள்ளேயே கிடக்கின்றது. ஊரெங்கும் தாளினை நம்பி வாழ்வோர் அனைவரும், தம்மை அறியாமலே பன்முறை உண்மையான இராகு காலத்தினுள் வினை தொடங்கியே வந்துள்ளனர். அக்காலம் தன் ஆற்றலால் தீங்கு பயப்பதாயின், வைகாசிச் செவ்வாய்தோறும் 4½ மணிக்குத் தொடங்கிய பாவெல்லாம் அறுந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழ்ந்ததாக எவரும் கூறக் கேட்டிலர். பாவின் இழை அறுமாயின் அதற்குக் காரணம் இழுவிசை மிகுதல், கஞ்சி பதந்தவறிக் காய்தல் முதலியன. கைதேர்ந்த நெசவாளர் அவற்றையே முதலில் ஆராய்வர்.

"முன்னோர் அறியாமலா இதனை வகுத்தனர்?" எனின், முன்னோர் எல்லாரும் ஒன்றனையே வகுத்திலர் என்பதும் நினைக்கத் தக்கது. கண்ணமங்கலத்துப் பட்டிற்கு வேண்டும் சரிகை சூரத்து நகரினின்று வருவது. அந்நாட்டு வணிகரும் பகலினை எட்டுக் கூறாகவே பகுத்துக் காலம் நோக்குவர். அதனைச் 'சௌகடியா' என்பர். ஏழு பெயர்கள் முறையே சுழன்று வரும் அக்கணக்கில், செவ்வாய்க்கிழமையின் ஏழாங் கூறு 'சுபம்' என்னும் பெயரது. நல்வினை தொடங்கற்கு உரியது. ஆகவே ஒரே செவ்வாயின் ஒரே கூற்றில், சரிகை விற்பவர் சுபமென்று கணக்கேட்டைத் திறக்கின்றார். அச்சரிகை கொண்டு நெய்பவர் அசுபமென்று கையைக் கட்டி அமர்கின்றார். இருவரும் தத்தம் முன்னோர் வழியினின்று வழுவியவரல்லர். காலத்தின் இயல்பே நன்றும் தீதுமாயின், ஒரே கூறு இருவர்க்கும் இருவேறாக நிற்றல் கூடாது. எனவே இவை நாட்டு வழக்கு என்பதும், பொருளின் இயல்பு அன்று என்பதும் பெறப்படும். எமகண்டமென்று விலக்கப்படுவது, சுபக்கோளென யாவரும் ஒப்பும் வியாழனுக்குரிய கூறாயிருத்தலும் ஈண்டு நோக்கத் தக்கது.

இனிச் சைவ சித்தாந்தம் இதன்கண் யாது கூறும் என்பதனைக் காண்போர்க்கு, அந்நூல்கள் கூறும் தத்துவ முறையே விடையாகும். தத்துவம் 36 என்பர். அவற்றுள் வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று காலம். அது மாயையின் காரியம், ஆதலின் சடம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வினையின் பயனை வரையறுத்தல் அதன் தொழில். அவ்வேழனுள் மற்றொன்றாகிய நியதி, செய்தவன் வினைப்பயன் செய்தவனையே சாருமாறு நிறுத்தும். இவ்விரண்டும் தாமே இயங்குவன அல்ல. சிவபிரானது ஆணையால் இயங்குவன. ஆகவே வினைப்பயனை ஊட்டுவோன் இறைவனேயன்றிக் காலமன்று. நியதி நிறுத்திய பயனை, 4½ மணி வரை ஒளிந்திருந்து தப்பலாம் என்று கருதுதல், அரசனது ஆணை தனக்குக் கிட்டாதவாறு தூதன் வரும் வழியை விட்டு மறுவழியே செல்வான் ஒருவன் கருத்தினை ஒக்கும்.

இக்கொள்கைக்கு இலக்காக நிற்பது திருமறைக்காட்டில் நிகழ்ந்த செய்தி. பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பினை ஏற்றுத் திருஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்ட பொழுது, திருநாவுக்கரசர் அவரைத் தடுத்தனர். சமணரால் தாம் உற்ற துன்பங்களை நினைந்தும், கோள்நிலை நன்றன்மை கருதியும் தடுத்ததாகச் சேக்கிழார் உரைப்பர். அப்பொழுது அருளப்பட்டதே கோளறு திருப்பதிகம்.

இந்நிகழ்ச்சியைப் பொருள்கொள்வதில் இருவேறு பிழைகள் நேர்கின்றன. ஒரு சாரார், கோள்களே இல்லை என்றும் காலம் நோக்கல் மடமை என்றும் சம்பந்தர் மறுத்ததாகக் கொள்வர். அஃதன்று. பதிகம் கிழமைக் கோள்களையும் பாம்பிரண்டையும் பெயர்சொல்லி எடுத்துக் கொள்கின்றது. அவை அடியார்க்கு நல்லனவேயாம் என்று கூறுகின்றதே யன்றி, இல்லன என்று கூறவில்லை. தடுத்தவரும் எளியர் அல்லர். சமய குரவருள் ஒருவர். காலம் நோக்கல் தன்னளவிற் பழியாயின் அவர் அதனை எடுத்துரையார். மற்றொரு சாரார், அப்பதிகத்தை இராகு காலத்துக்குப் பரிகாரமாக ஓதி, ஓதிய பின்னும் அஞ்சி 4½ மணி வரை காத்திருப்பர். இவரும் பதிகத்தின் பொருளைக் கைவிட்டவரே. சிவபெருமான் உள்ளத்தே புகுந்து நிற்றலைக் காரணமாகக் காட்டியே பதிகம் கோள்களின் அச்சத்தை நீக்குகின்றது. காரணத்தை வாயாற் கூறிக் காரியத்தை நெஞ்சால் மறுத்தல் பொருந்தாது. சம்பந்தர் பாடியதோடு அமையாது புறப்பட்டார் என்பதனை மறத்தல் கூடாது. இவ்வட்டாரத்திற்கு அணித்தாகிய திருவண்ணாமலையோடு தொடர்புடைய அருணகிரிநாதரும், நாளும் கோளும் முருகன் அடியார்க்குத் தீங்கு செய்யா எனக் கந்தரலங்காரத்துள் அறுதியிட்டார்.

அற்றேல், ஆகமங்கள் குடமுழுக்கு, தீக்கை முதலியவற்றிற்கு முகூர்த்தம் வகுத்ததென்னை எனின், அதற்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. ஆகமம் விதித்த காலம் இன்ன வினையை இன்ன பொழுதிற் செய்க என்னும் விதி. அஃது இறைவன் ஆணை. சந்தியா காலத்து வழிபாடும், பிரதோடமும், சிவராத்திரியும் அத்தகையன. அவற்றைக் கடைப்பிடித்தல் சைவர்க்குக் கடன். இராகு காலமோ விதியன்று. அச்சத்தால் வந்த விலக்கு. இவ்விரண்டும் எதிர்ப்படின் எது வெல்லும் என்பதனை நம் கோயில் வழக்கே காட்டும். பிரதோட வேளை ஞாயிறு மறைதற்கு முற்பட்ட 3¾ நாழிகையை உள்ளிட்டது. ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் பகலின் கடைசிக் கூறு. அக்கிழமையிற் பிரதோடம் வரின் இரண்டும் ஒரே பொழுதாகும். அன்று எந்தச் சிவாலயத்திலும் நந்தியெம்பெருமானுக்குத் திருமுழுக்கு நிறுத்தப்படுவதில்லை; அடியார் வீட்டிலிருந்து புறப்படவும் தயங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை இராகு காலத்திலேயே துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுதலும் இந்நாளிற் பரவிய வழக்கம். வழிபாட்டிற்கு உகந்ததென்று தேடிச் செல்லும் அதே பொழுதினை, தொழிலுக்கு நஞ்சென்று ஒதுக்குதல் எவ்வாறு? செய்யும் தொழிலினையும் சிவபூசையோடு ஒட்டி நடத்துக என்பதன்றோ சரியை நெறியில் நிற்போர் கொள்ளத் தக்கது.

நாடோறும் இராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றனையும் விலக்குவோர் 30 நாழிகைப் பகலில் 11¼ நாழிகையை இழக்கின்றனர். பகலில் மூன்றில் ஒரு பங்கினும் மிகுதி. இதனை உத்தியோகத்தில் உள்ளவர் பொறுப்பர். அவர்க்குச் சம்பளம் நிற்பதில்லை. நெய்த அளவிற்குக் கூலி பெறும் நெசவாளர்க்கு அவ்விழப்பு உணவின்கண் வந்து தாக்கும். அன்றியும் அவர் தொழிலுக்கு இயல்பாகவே ஒரு நற்காலம் உண்டு. தெருவிற் பாவினை நீள விரித்துக் கஞ்சி தோய்த்தற்கு, வெயில் ஏறாத, காற்று எழாத விடியற்பொழுதே ஏற்றது. வெயில் மிகின் கஞ்சி பதமாகப் பரவுமுன் காய்ந்து இழை முறுகும். வியாழக்கிழமை முதற் கூறு எமகண்டம் என்றும், திங்கட்கிழமை இரண்டாங் கூறு இராகு காலம் என்றும் அப்பொழுதினைக் கழியவிட்டு, வெயிலிற் பாவு விரிப்பவர், அசுப காலத்தைத் தாமே தேடிக் கொண்டவராவர். இது கண்கூடான சுபமும் அசுபமும். இதனை அறிவிப்பது பஞ்சாங்கமன்று, இழையே.

இவ்வாறு கூறுதல் கொண்டு, முதியோர் மனம் நோவ அவர் கண்முன்னே வேண்டுமென்று இராகு காலத்தில் தொடங்குதல் வீரமென்று கருதற்க. செருக்கினால் விலக்கினை மீறுதலும் அச்சத்தால் அதற்கு அடங்குதலும், சிவனை மறந்து காலத்தையே நினைத்தலால் ஒரு தன்மையன. குடும்பத்தார் பலர் கூடிச் செய்யும் மணம் முதலியவற்றில், யாவர்க்கும் உடன்பாடான நேரத்தைக் கொள்ளுதலில் இழுக்கொன்றுமில்லை. அஃது உலகியல் ஒழுங்கு. நாட்டொழிலில், பொருள் ஆயத்தமாகி ஆளும் வந்தபின், தறியின் முன் நின்று திருநீறு அணிந்து, ஐந்தெழுத்தை எண்ணிப் பாவினை ஏற்றுதலே சைவர்க்கு அமைவது. அதன் மேலும் காலம் நோக்க விழைவார், தாளின் எண்ணை நம்பாது தம்மூர் ஞாயிற்றின் தோற்றத்தைக் கொண்டு கணக்கிட்டு நோக்குக. அவ்வாறு நோக்குதல் கணக்கிற்கு நேர்மையாம். ஆயினும் அதனைச் சமயம் வேண்டிற்று என்று பிறரை அச்சுறுத்துதற்கு எவர்க்கும் உரிமையில்லை.